முனை ஆல்கைனின் அமிலத்தன்மையும் 23 கார்பன் சங்கிலியும்

கேள்வி: முனை ஆல்கைனில் இருக்கும் அந்த ஒரு ஹைட்ரஜன் மட்டும் ஏன் அமிலம் மாதிரி விலகுகிறது? 1-ஹெக்சைனுடன் NaOH, 1-புரோமோபியூட்டேன் இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலி நீளவே இல்லை. அசெட்டிலைடு வைத்து நீளமான சங்கிலி, உதாரணமாக வீட்டு ஈயை ஈர்க்கும் 9-டிரைகோசீன், எப்படிக் கட்டுவது?

பதில்:

ஹைட்ரஜன் புரோட்டானாக விலகும்போது இரண்டு எலக்ட்ரான்கள் கார்பனிடமே தங்கிவிடுகின்றன. அந்த இரட்டை எந்த ஆர்பிட்டாலில் தங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆல்கேனில் அது sp³ ஆர்பிட்டால், ஆல்கீனில் sp², ஆல்கைனில் sp. s பங்கு முறையே 25, 33, 50 சதவீதம். s எலக்ட்ரான் அணுக்கருவுக்கு நெருக்கமாக இருக்கும். எனவே s பங்கு கூடக்கூட எதிர்மின் சுமை கருவின் பிடிக்குள் அமைதியாக இருக்கும், அந்த அயனியும் நிலைப்புப் பெறும். pKa மதிப்புகள் இதை அப்படியே காட்டுகின்றன: ஈத்தேன் சுமார் 50, ஈத்தீன் 44, அசெட்டிலீன் 25.

இங்கே இரண்டு தவறான விளக்கங்கள் அடிக்கடி எழுதப்படுகின்றன. முதலாவது, உடனிசைவால் சுமை பரவுகிறது என்பது. பரவுவதில்லை. அந்த sp ஆர்பிட்டால் சங்கிலியின் நேர்கோட்டிலேயே நீண்டிருக்கிறது. பை பிணைப்புகள் இரண்டும் அதற்குச் செங்குத்தாக இருப்பதால் மேற்பொருந்த வழியில்லை. இரண்டாவது, அந்த C–H பிணைப்பு பலவீனமானது என்பது. உண்மை நேர்மாறானது. அசெட்டிலீனின் C–H பிணைப்பை இரு சமபாதியாகப் பிளக்க மோலுக்கு சுமார் 558 கிலோஜூல் வேண்டும், ஈத்தேனுக்கு 423 போதும். மூன்று வகைகளில் அசெட்டிலீனுடையதுதான் வலுவான பிணைப்பு. ஆனால் அமிலத்தன்மை என்பது சமபாதியாகப் பிளப்பது அல்ல. இரு எலக்ட்ரான்களையும் கார்பனிடம் விட்டுவிட்டு H⁺ கிளம்புவது. அதனால் பிணைப்பின் வலிமையை வைத்து அமிலத்தை எடைபோட முடியாது.

இப்போது உங்கள் NaOH. நீரின் pKa 15.7. ஹெக்சைனின் புரோட்டானை ஹைட்ராக்சைடு எடுத்தால் கிடைப்பது நீர், அதாவது ஹெக்சைனைவிட வலுவான அமிலம். அந்த நீர் உடனே புரோட்டானைத் திருப்பிக் கொடுத்துவிடும். இரண்டு pKa மதிப்புகளுக்கும் இடையே ஒன்பதுக்கு மேல் வித்தியாசம், ஆக சமநிலை மாறிலி 10⁻⁹ அளவில்தான் நிற்கும். கலவையில் அசெட்டிலைடு பெயரளவுக்குத்தான் இருக்கிறது, ஹைட்ராக்சைடோ தாராளமாக இருக்கிறது. அது 1-புரோமோபியூட்டேனைத் தானே தாக்கி 1-பியூட்டனாலைத் தரும். ஹெக்சைன் அப்படியே திரும்பி வரும். நீங்கள் பார்த்தது இதைத்தான்.

அதனால் தேவைப்படுவது, தன் இணை அமிலத்தின் pKa 25-ஐவிட நன்றாக மேலே இருக்கும் காரம். சோடியம் அமைடின் இணை அமிலம் அம்மோனியா, pKa சுமார் 38. சமநிலை 10¹³ மடங்கு வலப்பக்கம் சாயும். பியூட்டைல்லித்தியத்தின் இணை அமிலம் பியூட்டேன், pKa சுமார் 50. அங்கே திரும்பி வருவது பற்றிய கவலையே இல்லை. மெத்தாக்சைடு, எத்தாக்சைடு, ஏன் பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடுகூட இந்த வேலைக்குப் போதாது.

ஒரு விலக்கைச் சொல்லவேண்டும், இல்லையென்றால் வேறு இடத்தில் படித்துக் குழம்புவீர்கள். ஆல்கைன் கீட்டோனுடன் சேரும் வினையில் KOH பயன்படுவது உண்டு. அங்கே அற்பமாக உருவாகும் அசெட்டிலைடு கீட்டோனால் உடனுக்குடன் வாரப்படுவதால் சமநிலை கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்கிறது. ஹைட்ராக்சைடு கீட்டோனுடன் சேர்ந்தாலும் அது மீளக்கூடியது, நிரந்தர இழப்பு இல்லை. ஹாலோஆல்கேனிடம் ஹைட்ராக்சைடு போனால் போனதுதான்.

9-டிரைகோசீனைப் பிரித்துப் பார்ப்பது

வீட்டு ஈயின் பெண் சுரக்கும் இந்தப் பொருள் 1971-இல் அடையாளம் காணப்பட்டது. மஸ்கலூர் என்ற பெயரில் ஈப்பொறிகளில் பயன்படுகிறது. 23 கார்பன்கள், ஒன்பதாவது கார்பனில் ஒரு சிஸ் இரட்டைப் பிணைப்பு. இரட்டைப் பிணைப்பின் ஒரு பக்கம் 8 கார்பன், மறு பக்கம் 13. நடுவில் உள்ள இரண்டும் அசெட்டிலீனிலிருந்து வருவன. 8 + 2 + 13 = 23.

```
HC≡CH  →  C8H17–C≡CH  →  C8H17–C≡C–C13H27  →  (Z)-C8H17–CH=CH–C13H27
```

முதல் இணைப்பில் 1-புரோமோஆக்டேன், இரண்டாவதில் 1-புரோமோடிரைடெக்கேன். வரிசையை மாற்றினாலும் தாளில் சரியாகத்தான் வரும், இரண்டு ஹாலைடுகளும் முதல்நிலை. ஆனாலும் சிறிய பகுதியை முதலில் இணைப்பதே நல்லது என்பேன். அப்படிச் செய்தால் இடைப்பொருள் 1-டெக்கைன். அது 174 °C-இல் கொதிக்கும், வடித்துத் தூய்மையாக்க எளிது. விலைக்கும் கிடைக்கிறது, அதனால் முதல் படியைத் தவிர்த்துவிடவும் செய்யலாம்.

முதல் படியை நீங்களே செய்வதானால் திரவ அம்மோனியாவில் சோடியம் அமைடு என்பது பாடப்புத்தக வழி. அதில் ஒரு தடை உண்டு. அம்மோனியா −33 °C-இல் கொதிப்பது, அந்தக் குளிரில் நீண்ட சங்கிலி ஹாலைடுகள் சரியாகக் கரைவதில்லை. புரோமோபியூட்டேனுக்கு அருமையாக நடக்கும் வினை, சங்கிலி நீள நீள மந்தமாகிவிடும். எட்டுக் கார்பனுக்கு, லித்தியம் அசெட்டிலைடு–எத்திலீன்டைஅமீன் அணைவை டைமெத்தில் சல்ஃபாக்சைடில் எடுத்துக்கொண்டு, அதில் 1-புரோமோஆக்டேனைத் துளித்துளியாக விடுவது எளிது. 0.1 மோல் புரோமைடுக்கு (19.3 கிராம்) சுமார் 0.12 மோல் அணைவு (11 கிராம்) போதும். அந்த எத்திலீன்டைஅமீன் சும்மா இல்லை. அது இல்லாவிட்டால் மோனோலித்தியம் அசெட்டிலைடு சூடேறும்போது இரண்டிரண்டாகச் சேர்ந்து, கரையாத Li₂C₂ ஆகவும் அசெட்டிலீன் வாயுவாகவும் பிரிந்துவிடும். கடைசியில் நீர் சேர்க்கும்போது மிச்ச அணைவிலிருந்து அசெட்டிலீன் வெளிவரும். புகைக்கூண்டுக்குள், அருகே எந்தத் தீப்பொறியும் இல்லாமல்தான் அதைச் செய்யவேண்டும்.

இரண்டாவது இணைப்பு, அளவுகளுடன்

10 மில்லிமோல் அளவில் செய்வதாக வைத்துக்கொள்வோம். உலர்ந்த குடுவை, நைட்ரஜன் அல்லது ஆர்கான், 20 மி.லி. உலர் டெட்ராஹைட்ரோஃப்யூரான். அதில் 1-டெக்கைன் 11 மில்லிமோல் (1.52 கிராம், சுமார் 2 மி.லி.). உலர்பனி–அசெட்டோன் தொட்டியில் −78 °C-க்குக் குளிர்வித்து, ஹெக்சேனில் உள்ள 2.5 மோலார் பியூட்டைல்லித்தியம் 4.2 மி.லி. (10.5 மில்லிமோல்) மெதுவாகச் சேர்க்கவேண்டும். பிறகு 0 °C-க்கு ஏறவிட்டு அரை மணி நேரம் கலக்கினால் புரோட்டான் நீக்கம் முடிந்துவிடும். இப்போது 1-புரோமோடிரைடெக்கேன் 10 மில்லிமோல் (2.63 கிராம்).

இந்த மூன்று எண்களின் வரிசையைக் கவனியுங்கள்: ஆல்கைன் 11, காரம் 10.5, புரோமைடு 10. ஆல்கைன் காரத்தைவிடச் சற்று மிகுதி என்பதால் மீந்துபோன பியூட்டைல்லித்தியம் புரோமைடைக் கெடுக்க வாய்ப்பில்லை. புரோமைடு எல்லாவற்றிலும் குறைவு என்பதற்குக் காரணம் தூய்மையாக்கலில் இருக்கிறது. மிஞ்சும் டெக்கைன் வெற்றிடத்தில் சூடாக்கினால் போய்விடும். மிஞ்சும் புரோமோடிரைடெக்கேன் போகாது. சிலிக்கா கம்பத்தில் ஹெக்சேன் விட்டு இறக்கினாலும் அது விளைபொருளோடு ஒட்டிக்கொண்டே இறங்கும், ஏனெனில் இரண்டும் முனைவற்ற நீண்ட சங்கிலிகள். அதனால் புரோமைடை முழுதாகத் தீர்ப்பதுதான் இந்தப் படியின் குறிக்கோள்.

அது தானாகத் தீராது. டெட்ராஹைட்ரோஃப்யூரானில் லித்தியம் அசெட்டிலைடு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரண்டு கிடக்கும், புரோமைடுடன் மிக மெதுவாகவே வினைபுரியும். அறை வெப்பநிலையில் இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் பாதி புரோமைடு அப்படியே இருப்பதைப் பார்த்து வினை தோற்றது என்று முடிவு கட்டுவது வழக்கமான பிழை. இதற்கு இரண்டு மருந்துகள். ஒன்று, லித்தியத்தைத் தன்பக்கம் இழுத்து அசெட்டிலைடை விடுவிக்கும் துணைக்கரைப்பான். முன்பு ஹெக்சாமெத்தில்பாஸ்ஃபராமைடு சேர்ப்பார்கள். அது புற்றுநோய் ஐயம் உள்ள பொருள் என்பதால் இப்போது டிஎம்பியு என்ற வளைய யூரியாவை 4 மி.லி. அளவில் சேர்ப்பது மேல். மற்றொன்று, பத்தில் ஒரு பங்கு சோடியம் அயோடைடு (1 மில்லிமோல், 0.15 கிராம்) போட்டுக் கரைப்பான் கொதிநிலையில் மீள்குளிர்விப்பில் வைப்பது. அயோடைடு புரோமைடை இடம்பெயர்த்து அயோடோடிரைடெக்கேனை உண்டாக்கும், அதை அசெட்டிலைடு விரைவில் தாக்கும், அயோடைடு மறுபடி விடுபட்டு அடுத்த சுற்றுக்குப் போகும். கையில் டிஎம்பியு இல்லையென்றால் இதுவே போதும்.

முடிந்ததும் நிறைவுற்ற அம்மோனியம் குளோரைடு கரைசல் விட்டு வினையை நிறுத்தி, ஹெக்சேனில் பிரித்தெடுத்து, நீரால் மூன்று நான்கு முறை கழுவவேண்டும். டிஎம்பியு நீரில் போய்விடும். உலர்த்தி, கரைப்பானை ஆவியாக்கினால் 9-டிரைகோசைன், C₂₃H₄₄, மூலக்கூறு எடை 320.6. முழுதாகக் கிடைத்தால் 3.21 கிராம், 80 சதவீதம் என்றால் 2.56 கிராம்.

எங்கே கெடுகிறது, எப்படித் தெரியும்

முதல் சந்தேகம் நீர்மேல் வரவேண்டும். 20 மி.லி. டெட்ராஹைட்ரோஃப்யூரானின் எடை 17.8 கிராம். அதில் வெறும் 0.1 சதவீதம் நீர் இருந்தாலே 17.8 மில்லிகிராம், கிட்டத்தட்ட 1 மில்லிமோல். நீங்கள் போட்ட 10.5 மில்லிமோல் காரத்தில் பத்தில் ஒரு பங்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. அத்துடன், பியூட்டைல்லித்தியம் புட்டியின் மேல் எழுதியிருக்கும் 2.5 என்பது அது புதிதாக இருந்த நாளின் கணக்கு. பலமுறை திறந்த புட்டி 2.1 ஆக இருக்கக்கூடும். எடை தெரிந்த டைஃபீனைல்அசெட்டிக் அமிலத்துக்கு எதிராகத் தரம்பார்த்தால், மஞ்சள் நிறம் நிலைக்கும் புள்ளி உண்மைச் செறிவைச் சொல்லிவிடும். பத்து நிமிட வேலை.

இந்த இழப்பு நேர்ந்தால் கலவையில் டெக்கைனும் புரோமைடும் சேர்ந்தே மிஞ்சும். என்.எம்.ஆர் நிறமாலையில் 3.4 பிபிஎம் அருகே மும்முனைக் குறி தெரிந்தால் அது CH₂Br, அதாவது புரோமைடு மீதம். 1.94 அருகே சிறிய மும்முனைக் குறி முனை ஆல்கைனின் ஹைட்ரஜன். விளைபொருளில் இவை இரண்டும் இருக்கக்கூடாது. அதற்குப் பதில் 2.13 அருகே நான்கு ஹைட்ரஜன்கள், மும்மைப் பிணைப்பின் இருபுறமும் உள்ள CH₂ தொகுதிகள். 5.8, 4.95 பகுதிகளில் குறி தெரிந்தால் புரோமைடில் ஒரு பகுதி நீக்க வினையால் 1-டிரைடெக்கீனாகிப் போயிருக்கிறது.

அகச்சிவப்பில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். டெக்கைனில் 3310 செ.மீ⁻¹-இல் கூர்மையான ≡C–H குறியும் 2120-இல் C≡C குறியும் தெரியும். விளைபொருளில் 3310 மறைவது சரி, C≡C குறியும் சேர்ந்து மறைவதைப் பார்த்து மும்மைப் பிணைப்பே போய்விட்டது என்று பயப்படவேண்டாம். இருபுறமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆல்கைல் சங்கிலிகள் இருப்பதால் அந்த அதிர்வில் இருமுனைத் திருப்புத்திறன் மாறுவதில்லை, குறியும் எழுவதில்லை.

கருவி இல்லாத கூடத்தில் அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட் போதும். முனை ஆல்கைன் வெண்ணிற வீழ்படிவு தரும், உள் ஆல்கைன் தராது. அந்த வீழ்படிவு உலர்ந்தால் வெடிக்கும். வடிகட்டி எடுத்துவைக்கக் கூடாது, ஈரமாக இருக்கும்போதே நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டுச் சிதைத்துவிடவேண்டும்.

சோடியம் அமைடு வழியில் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். வெண்மை அல்லது சாம்பல் நிறத்தில் இருக்கவேண்டிய அமைடு மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. அது வெடிக்கக்கூடியது, தொடவேகூடாது. அடுத்து, அமைடைத் திரவ அம்மோனியாவில் சோடியம் போட்டு நீங்களே தயாரிப்பதானால், இரும்பு(III) நைட்ரேட் சிறிது வினையூக்கியாகச் சேர்த்து, அடர்நீல நிறம் மறைந்து சாம்பல் நிறக் குழம்பாகும் வரை காத்திருக்கவேண்டும். நீலம் என்பது அமைடு அல்ல, கரைந்த சோடியம். அது காரமாக அல்லாமல் ஒடுக்கியாக வேலை செய்யும். உள் ஆல்கைன் அதைச் சந்தித்தால் டிரான்ஸ் ஆல்கீனாகிவிடும்.

எந்த ஹாலைடு, எந்தப் பக்கம்

அசெட்டிலைடு ஒரே நேரத்தில் நல்ல கருக்கவரியும் வலுவான காரமுமாகும். முதல்நிலை ஹாலைடில் பின்புறம் திறந்திருப்பதால் SN2 வழியில் கார்பனைப் பிடிக்கிறது. இரண்டாம்நிலையில் பின்புறம் நெரிசல், பக்கத்து ஹைட்ரஜனோ கைக்கெட்டும் தூரத்தில். அங்கே E2 வெல்லும். புரோமோசைக்ளோஹெக்சேன் போட்டால் சைக்ளோஹெக்சீன் கிடைக்கும், கூடவே போட்ட ஆல்கைன் திரும்ப வரும். வெப்பநிலையையோ கரைப்பானையோ மாற்றி இதை மீட்க முயல்வது வீண்.

கிளை வேண்டுமென்றால் அதை ஆல்கைனின் பக்கம் வைக்கவேண்டும். 2-மெத்தில்-3-ஹெக்சைன் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1-பியூட்டைனும் 2-புரோமோபுரொப்பேனும் என்றால் புரொப்பீன்தான் வரும். 3-மெத்தில்-1-பியூட்டைனும் புரோமோஈத்தேனும் என்றால் வினை நேராக நடக்கும். இருபுறமும் கிளை இருக்கும் இலக்குக்கு இந்த ஆல்கைலேற்ற வழியே பொருந்தாது.

ஹாலைடில் OH தொகுதி இருந்தாலும் வழி அடைபடும். ஆல்கஹாலின் pKa சுமார் 16, ஆகவே அசெட்டிலைடு கார்பனைத் தேடிப் போகுமுன் அந்த OH-இன் புரோட்டானை எடுத்துக்கொண்டு மீண்டும் ஆல்கைனாகிவிடும். OH-ஐ டெட்ராஹைட்ரோபைரனைல் ஈத்தராக மூடிவைத்து, இணைப்பு முடிந்தபின் அமிலத்தால் திறக்கலாம். கார்பனைல் தொகுதி இருந்தால் அசெட்டிலைடு அதன் மீதே சேரும். அது வேண்டுமென்றே செய்யப்படும் இடங்களும் உண்டு. 1938-இல் பெர்லின் ஷெரிங் ஆய்வகத்தில் இன்ஹோஃபனும் ஹோல்வெக்கும் ஈஸ்ட்ரோனின் 17-ஆம் கார்பன் கீட்டோனில் அசெட்டிலீனைச் சேர்த்து எத்தினைல்ஈஸ்ட்ரடையால் செய்தது இதே வினைதான்.

கடைசிப் படி

டிரைகோசைனைச் சிஸ் ஆல்கீனாக்க லிண்ட்லர் வினையூக்கி: கால்சியம் கார்பனேட் மேல் பலேடியம், ஈய உப்பால் மந்தமாக்கப்பட்டது, கொஞ்சம் குயினோலினும் சேர்த்து. ஹைட்ரஜன் சாதாரண அழுத்தத்தில் போதும். அளவுதான் முக்கியம். 2.56 கிராம் டிரைகோசைன் 8 மில்லிமோல், அதற்கு 25 °C-இல் ஏறக்குறைய 195 மி.லி. ஹைட்ரஜன். அளவுக்குழாயில் அந்த எண்ணை நெருங்கும்போதே உறிஞ்சல் வேகம் குறைவது தெரியும், அப்போதே நிறுத்தவேண்டும். வேகம் குறையாமல் தொடர்ந்து உறிஞ்சினால் வினையூக்கி போதிய அளவு மந்தமாக்கப்படவில்லை, ஆல்கீன் டிரைகோசேனாகிக்கொண்டிருக்கிறது. அதை ஆல்கீனிலிருந்து பிரிப்பது கடினம். நின்றபின் அகச்சிவப்பில் 967 செ.மீ⁻¹ பகுதியைப் பாருங்கள். அங்கே தெளிவான குறி எழுந்திருந்தால் டிரான்ஸ் வடிவம் கலந்திருக்கிறது.